படம் முடிஞ்சு வேலை செஞ்சவங்க பேர் ஓடி முடியும் வரைக்கும் ஹால்ல உட்காரணுமா? எந்தப் படத்துக்கு, எவ்வளவு நேரம்?

மாலதி_சிப்புட்

வணக்கம் எல்லாருக்கும். சுங்கை சிப்புட்ல இருந்து ஈப்போவுக்கு ராத்திரி படம் பார்க்கப் போறவங்களுக்கு இந்தத் தலைவலி தெரிஞ்சிருக்கும். ஆறு பேர் சேர்ந்து வேன் எடுப்போம். வேன்காரர் 11.30-க்கு மேல நிக்க மாட்டார், விடிஞ்சா 5.30-க்கு அவருக்குத் தோட்டத்துல பெரட்டு. படம் முடிஞ்சதும் பாதிப் பேர் எழுந்து ஓடுறாங்க, பாதிப் பேர் "இன்னும் சீன் இருக்கு, உட்காரு"ன்னு கையைப் பிடிச்சு இழுக்கிறாங்க.

கேள்வி ரெண்டுதான். ஒண்ணு, எந்த நேரத்துல எழுந்தா ஒண்ணும் போகாதுன்னு முன்கூட்டியே கணக்குப் போட முடியுமா? ரெண்டு, கதையைப் படத்துக்குள்ளேயே முடிக்காம இந்தச் சீனை எதுக்குப் பேருக்குப் பின்னால ஒட்டுறாங்க?

பக்கத்து_லயம்

இதுக்கெல்லாம் உட்காரலாம் தங்கச்சி, ஜாலியா இருக்கும். ஜாக்கி சான் படத்துல கடைசியில விழுந்து அடிபடுறதெல்லாம் காட்டுவாங்களே, அதுக்காகவே எங்க வீட்டுல யாரும் எழுந்திரிக்க மாட்டாங்க. அந்தக் காலத்து வீடியோ கேசட்டுலயும் இருந்துச்சு.

கிராணி_மகன்

அண்ணே, நீங்க சொல்றது வேற ஜாதி. அது படம் எடுக்கும்போது தப்பிப்போன ஷாட்டுங்க. பேர் ஓடும்போதே பக்கத்துல ஓடும், பேர் முடிஞ்சா அதுவும் முடியும். மாலதி கேக்கிறது கதையோட சேர்ந்த சீன். அது பேருக்கு நடுவுல நிக்கும், இல்லைன்னா எல்லாம் ஓடி முடிஞ்ச பிறகு வரும்.

இன்னைக்கு நாம பார்க்கிற வழக்கத்தை நிலைநிறுத்துனது 2008-ல வந்த அயர்ன் மேன். பேர் மொத்தமும் ஓடின பிறகு சாமுவேல் ஜாக்சன் வந்து, இன்னும் பல வீரர்கள் இருக்காங்கன்னு ஒரு கோடி காட்டிட்டுப் போவார். பத்திரிகைக்காரங்களுக்குப் போட்ட முன்காட்சியில அந்தத் துண்டு இல்லை. வெளியே கசியக் கூடாதுன்னு எடுத்து வெச்சிருந்தாங்க. அதுக்கு முன்னாலயும் உண்டு. 1979 மப்பெட் படத்துலயும், 1986-ல வந்த ஃபெரிஸ் பியூலர் படத்துலயும், கடைசியில பாத்திரமே திரும்பி நம்மளைப் பார்த்து வீட்டுக்குப் போங்கன்னு விரட்டும். அது வெறும் குறும்பு. அடுத்த படத்துக்கு விளம்பரமா இதைத் தொடர்ந்து ஓட்டினது 2008-க்கு அப்புறம்தான்.

செம்பனை_சிவா

ஸ்டூடியோ ஏன் போடுதுன்னா, காரணம் ஒண்ணுதான். வேலை செஞ்சவங்க பேரைப் போடணும்னு சங்கத்தோட ஒப்பந்தம் இருக்கு. யாரும் படிக்காம எழுந்து போயிடுறாங்க. அதனால உட்கார வைக்க ஒரு சீன். தொழிலாளிக்கு மரியாதை.

இன்னொண்ணு. நம்ம நாட்டுல உட்கார்ந்தும் பிரயோஜனம் இல்லை. 2012-ல அவெஞ்சர்ஸ் வந்தப்போ எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுற கடைசி சீன் இங்க வரவே இல்லை. எல்பிஎஃப் வெட்டிட்டாங்க. அமெரிக்காவுல இருந்தது, நமக்கு இல்லை.

கிராணி_மகன்

சிவா, முதல் பாதியில பாதி சரி. பேர் போட்டே ஆகணும்கிறது ஒப்பந்தத்துல இருக்கு, அதனாலதான் அந்த நீளம். கம்ப்யூட்டர் காட்சி செய்யுற கம்பெனிங்க நாலஞ்சு சேர்ந்தா பேர் ஆயிரக்கணக்குல போகும். ஆனா அதைப் பார்க்க ஆள் உட்காரணும்னு எந்த ஒப்பந்தமும் இல்லை. மரியாதைக்காகப் போட்டிருந்தா நாடகப் படம், காதல் படம் எல்லாத்துலயும் இருக்கணுமே? தொடர்கதையா ஓடுற படத்துலதான் பெரும்பாலும் இருக்கு.

சாப்பாட்டு சீனை நம்ம தணிக்கை வாரியம் வெட்டலை. படத்தோட முதல் காட்சி ஹாலிவுட்ல ஏப்ரல் 11-ஆம் தேதி. அந்தச் சீனை எடுத்ததே அதுக்கு மறுநாள்! எல்லா நடிகரும் அந்த விழாவுக்கு ஊர்ல இருந்தாங்க, அப்படியே பிடிச்சு உட்கார வெச்சுட்டாங்க. கிறிஸ் எவன்ஸ் அப்போ வேற படத்துக்குத் தாடி வெச்சிருந்தார். அதை மறைக்க முகத்துல போலித் தாடைத் தோல் ஒட்டி, கையை வாய்மேல வெச்சு உட்கார்ந்திருப்பார். இப்ப போய்ப் பாருங்க, எல்லாரும் மெல்லும்போது அவர் மட்டும் கையை எடுக்க மாட்டார். அமெரிக்க வெளியீடு மே 4. வெளிநாடுகள்ல பல இடத்துல ஏப்ரல் கடைசி வாரமே படம் வந்துடுச்சு. அங்க போன பிரதியில அது இல்லவே இல்லை. வெட்டுறதுக்கு இருந்தாத்தானே வெட்ட முடியும்?

செம்பனை_சிவா

அப்ப அமெரிக்காவுக்கு மட்டும் எப்படி ஒட்டினாங்க? மூணு வாரத்துல புதுப் பிரதி போட முடியுமா?

ரீல்_மாமா

தம்பி, இன்னைக்கு முறையில முடியும், அதுவும் முழுப் படத்தைத் திரும்ப அனுப்பாம. எல்லாரும் படத்தை ஒரே துண்டுன்னு நினைக்கிறீங்க. புரொஜெக்டர் ரூமுக்கு வர்றது பெட்டியில ஒரு ஹார்டு டிஸ்க், இல்லைன்னா சேட்டலைட் வழியா, நெட் வழியா வர்ற ஃபைல். உள்ளே படம் தனி, சத்தம் தனி, அதுவும் ரீல் ரீலாப் பிரிஞ்சு இருக்கும். அதோட ஒரு பட்டியல் வரும். எந்தத் துண்டு முதல்ல, எது அடுத்துன்னு சொல்றது அதுதான். ஒரு நிமிஷச் சீனைப் பின்னால சேர்க்கணும்னா அந்த ஒரு துண்டையும் புதுப் பட்டியலையும் மட்டும் அனுப்பினா போதும், மிச்சத்தை ஏற்கெனவே இறக்கி வெச்ச படத்துல இருந்தே அது எடுத்துக்கும்.

கோளாறு இங்கதான். படம் பூட்டி வரும், அதைத் திறக்குற சாவிக்குக் கேடிஎம்னு பேர். சாவி அந்தப் பட்டியலுக்குத்தான் கட்டுப்பட்டது. பட்டியல் மாறினா சாவியும் மாறணும். புதுத் துண்டை இறக்கி, சாவி வர்றதுக்குள்ள ஷோ ஆரம்பிச்சிட்டா ஆபரேட்டர் பழைய பட்டியலையே ஓட்டுவார். படம் ஒழுங்கா ஓடும், யாருக்கும் தெரியாது, கடைசிச் சீன் மட்டும் இருக்காது. வெளியே வந்து ஜனம் "சென்சார் வெட்டிட்டான்"னு பேசும்.

இப்ப மாலதிக்கு. கணக்குப் போட முடியும் தங்கச்சி. ஒரு படத்தை எடுத்துக்குங்க. 2018-ல வந்த ஆன்ட்-மேன் அண்ட் தி வாஸ்ப், 118 நிமிஷம். முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது, டிக்கெட் பக்கத்துல போடுற அந்த நிமிஷக் கணக்குல பேர் ஓடுறதும் சேர்த்தி, கடைசிச் சீனும் சேர்த்தி. விளம்பரமும் டிரைலரும் மட்டும் சேர்த்தி இல்லை.

ஷோ 9.15-ன்னு வைங்க. விளம்பரத்துக்குக் கால் மணி நேரம். 9.30-க்குப் படம். 118 நிமிஷம் கூட்டினா 11.28-க்குத் திரை அணையும். இந்த மாதிரிப் பெரிய படத்துல பேர் ஓடுறதுக்குப் பத்து நிமிஷம் பிடிக்கலாம்னு வைங்க. அப்ப கதை 11.18 வாக்குல முடியும். முதல் ரெண்டு மூணு நிமிஷம் படம் போட்டு அலங்காரமா பெரிய பேருங்க வரும். அதுக்கு அப்புறம் நடுச் சீன், 11.21 சுமாருக்கு. பிறகு கறுப்பு மேல வெள்ளை எழுத்து கீழே இருந்து மேல ஏறும், நாலஞ்சு நிமிஷம். கடைசிச் சீன் 11.27.

உங்க வேனுக்கு நடுச் சீன் பார்த்துட்டு எழுந்தா தாராளமாப் போகலாம். கடைசிக்கு உட்கார்ந்தா வேன் போயிடும்.

மாலதி_சிப்புட்

மாமா, இது தெளிவா இருக்கு. ஆனா நடுவுல எழுந்தா முக்கியமானது போயிடாதா? கடைசியிலதானே பெரிய விஷயத்தை வெச்சிருப்பாங்க?

கிராணி_மகன்

தலைகீழ். மாமா சொன்ன அதே படத்தைப் பாருங்க. நடுச் சீன்ல நாயகன் குவாண்டம் உலகத்துக்குள்ள போறான், திரும்ப இழுக்குறதுக்கு வெளியே இருந்தவங்க மூணு பேரும் தூளா உதிர்ந்து போயிடுறாங்க, இவன் உள்ளேயே மாட்டிக்கிறான். அடுத்த வருஷம் வந்த எண்ட்கேம்ல அவன் அங்க இருந்து வெளியே வர்றதுலதான் கதையே புறப்படுது. அதைப் பார்க்காதவனுக்கு எண்ட்கேம்ல அவன் எங்க இருந்து குதிச்சான்னே புரியாது. அதே படத்தோட கடைசிச் சீன் என்ன? பெரிய எறும்பு ஒண்ணு டிரம்ஸ் வாசிக்குது. அவ்வளவுதான். அதுக்காக வேனை விட்டா கஷ்டம்.

அவெஞ்சர்ஸ்லயும் அதே அமைப்பு. நடுவுல தானோஸ் முதல்முறை முகம் காட்டுறான், கடைசியில சாப்பாடு. முதல் சீன் வியாபாரம், ரெண்டாவது வேடிக்கைன்னு வெச்சுக்கலாம். காரணமும் நேரானதுதான். நடு வரைக்கும் பாதி ஹாலாவது உட்கார்ந்திருக்கும். கடைசிக்கு மிஞ்சுறது நாலு பேர். சொல்லியே ஆக வேண்டியதை யாரும் நாலு பேர்கிட்ட சொல்ல மாட்டாங்க.

விதிவிலக்கும் உண்டு. 2015 ஆன்ட்-மேன்ல கடைசிச் சீன்தான் அடுத்த படத்துக் கதை. அதைத் தனியா எடுக்கக்கூட இல்லை, சிவில் வார் படப்பிடிப்புல இருந்து எடுத்து ஒட்டினது. ஆன்ட்-மேனோட டைரக்டர் எடுத்தது இல்லை, அந்தப் படத்து டைரக்டருங்க எடுத்தது.

பார்வதி_டீச்சர்

ஒரு சந்தேகம். எங்க ஊர்ப் பக்கம் ஒரு ஹால்ல பேர் ஆரம்பிச்ச உடனே லைட்டு முழுசாப் போட்டுடுறாங்க. சுத்தம் பண்றவங்க பை எடுத்துக்கிட்டு உள்ளே வந்துடுறாங்க. சீன் வரும்போது திரை வெளிறிப் போயிருக்கு. இருட்டுச் சீனா இருந்தா ஒண்ணுமே தெரியாது. இது ஹாலோட சட்டமா, இல்லை யாராவது மறந்துட்டாங்களா? கூட சின்னப் பிள்ளைங்க இருக்கும்போது, உட்காருன்னு சொல்றதா எழுந்திருன்னு சொல்றதா புரியலை.

ரீல்_மாமா

டீச்சர், பெரும்பாலும் ரெண்டும் இல்லை. பழைய அமைப்பை அப்படியே நகல் எடுத்துப் போட்டதுதான் காரணமா இருக்கும்.

லைட்டை யாரும் கையில அமுக்கறதில்லை இப்ப. ஒவ்வொரு ஷோவுக்கும் ஒரு ஓட்டப் பட்டியல் செய்வாங்க. விளம்பரம், டிரைலர், படம், அதுக்குள்ள எந்த நேரத்துல லைட் பாதி, எந்த நேரத்துல முழுசுன்னு குறி வைப்பாங்க. படத்தோட விநியோகஸ்தர் ஒரு தாள் அனுப்புவார், அதுல பேர் ஆரம்பிக்கிற நேரம் மணி, நிமிஷம், செகண்டு வரைக்கும் இருக்கும். படக் கோப்புக்குள்ளேயே குறி இருக்கிறதும் உண்டு. பேர் ஆரம்பிக்கிற முதல் ஃபிரேமுக்கு ஒண்ணு, எழுத்து உருள ஆரம்பிக்கிற இடத்துக்கு இன்னொண்ணு.

சரியாச் செய்யணும்னா, அலங்காரப் பேர் வரும்போது லைட்டைத் தொடவே கூடாது. நடுச் சீன் முடிஞ்சு எழுத்து உருள ஆரம்பிச்ச பிறகு படிக்கட்டு தெரியுற அளவுக்குப் பாதி. கடைசிச் சீனுக்கு அஞ்சு செகண்டு முன்னால மறுபடி அணைக்கணும். சீன் முடிஞ்ச பிறகுதான் முழுசு. மொத்தம் மூணு குறி. சீன் இல்லாத படத்துக்கு ஒரே குறி போதும், பேர் ஆரம்பத்துல பாதி, முடிவுல தானா முழுசு. போன வாரப் படத்தோட பட்டியலைத் திறந்து படத்தை மட்டும் மாத்திட்டு, குறியை மாத்தாம விட்டா நீங்க சொன்னது நடக்கும்.

மறதிதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? லைட் சரியாப் பேர் தொடங்குற இடத்துல வராம, கதை ஓடிக்கிட்டிருக்கும்போதே வந்தா, இல்லைன்னா பேர் பாதியில திடீர்னு வந்தா, அது வேற படத்தோட குறி. சரியாப் பேர் தொடங்கின செகண்டுலயே முழுசா வந்தா, அது ஹால்காரங்க வேணும்னே வெச்சது.

செம்பனை_சிவா

வேணும்னே வெச்சா என்ன நியாயம்? காசு குடுத்துத்தானே உட்கார்ந்திருக்கோம்.

ரீல்_மாமா

அவங்க பக்கத்தையும் பார்க்கணும் தம்பி. ஒரு ஷோவுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல கால் மணி, இருபது நிமிஷம்தான் விடுவாங்க. அதுக்குள்ள நூத்தைம்பது நாற்காலிக்கு அடியில சிந்தின சோளப்பொரி, கப்பு எல்லாம் எடுக்கணும். முன்னால பேர் ஓடுற பத்து நிமிஷத்துல ஹால் காலியாயிடும், சுத்தம் பண்றவங்களுக்கு அதுவும் கையில கிடைக்கும். சீன் இருந்தா அந்த நேரம் போச்சு. ஒரு நாளைக்கு அஞ்சு ஷோன்னா அம்பது நிமிஷம். சீனால ஸ்டூடியோவுக்கு லாபம், இருபது நிமிஷத்துல கூட்டறவங்களுக்கு நஷ்டம். அவங்களைத் திட்டாதீங்க. மேனேஜர்கிட்ட சொல்லுங்க.

சொல்றதுன்னா படம் முடிஞ்சு சொல்லிப் பிரயோஜனம் இல்லை, குறியை அப்ப மாத்த முடியாது. டிக்கெட் கிழிக்கிற இடத்துல உள்ளே போகும்போதே சொல்லிடுங்க, "இதுல ரெண்டு சீன் இருக்கு, லைட் போட்டுடாதீங்க"ன்னு. ஹால் நம்பரையும் ஷோ நேரத்தையும் சொன்னா அவங்க மேல கூப்பிட்டுச் சொல்ல வசதி.

பார்வதி_டீச்சர்

அம்பது நிமிஷக் கணக்கை ஒத்துக்கிறேன். ஆனா அது அவங்களும் ஸ்டூடியோவும் பேசித் தீர்க்க வேண்டியது. டிக்கெட்டுல 118 நிமிஷம்னு போட்டு வித்துட்டு 108 நிமிஷத்துலயே லைட் போடுறது எனக்குச் சரியாப் படலை.

பக்கத்து_லயம்

நம்ம தமிழ்ப் படத்துல எப்படி? விக்ரம்ல சூர்யா வந்தாரே, ரோலெக்ஸ். அதுதானே இது?

கிராணி_மகன்

அண்ணே, அது பேர் ஓடுறதுக்கு முன்னாலேயே வந்துடும். படத்தோட முடிவே அதுதான். கடைசி வரைக்கும் உட்காரணும்கிற கட்டாயம் அதுல இல்லை.

தென்னிந்தியப் படத்துல உண்மையா இப்படி வந்ததுக்குக் கேஜிஎஃப் ரெண்டாம் பாகத்தைச் சொல்லலாம், 2022. பேர் ஓடும்போது மூணாம் பாகத்துக்குக் கொக்கி போட்டிருப்பாங்க. இந்தியன் 2-ல, 2024, மூணாம் பாகத்தோட டிரைலரையே பின்னால ஓட்டினாங்க. நம்ம படங்கள்ல பேர் பத்து நிமிஷமெல்லாம் ஓடாது, சீன் இருந்தா பெரும்பாலும் சீக்கிரமே வந்துடும். அதனால வேன் பிரச்சினை குறைவு. ஆனா ஜனம் பேர் தொடங்கின உடனே எழுந்து வாசலை அடைக்கிறதால முன்னால நிக்கிறவன் தலைதான் தெரியும். கடைசி வரிசையில ஓரத்து நாற்காலி எடுத்தா தப்பிக்கலாம்.

மாலதியோட ரெண்டாம் கேள்விக்கு இன்னும் யாரும் முழுசாப் பதில் சொல்லலை. ஸ்டூடியோ ஏன் செய்யுது? மலிவு. ஒரு டிரைலர் போடணும்னா அடுத்த படம் பாதியாவது எடுத்திருக்கணும், டிவி நேரம் வாங்கணும். இதுக்கு ரெண்டு நடிகர், ஒரு செட், ஒரு நாள். பார்க்கிறவன் யாரு? ஏற்கெனவே டிக்கெட் வாங்கி, பத்து நிமிஷம் பேர் படிக்கிற அளவுக்குப் பிரியமானவன். அவனே வெளியே போய் நாலு பேர்கிட்டச் சொல்லுவான். அதைவிட நல்ல விளம்பரம் எங்க கிடைக்கும்?

படத்துக்குள்ள ஏன் வைக்கலைன்னா, வெச்சா முடிவு கெட்டுடும். நாயகன் ஜெயிச்சான், இசை ஏறிச்சு, திரை இருண்டுச்சு. அந்த நிறைவு கிடைச்ச பிறகுதான் "இன்னும் இருக்கு"ன்னு சொல்லலாம். பேர் ஓடுறது அந்த ரெண்டுக்கும் நடுவுல சுவர்.

செம்பனை_சிவா

அப்ப அது விளம்பரம்னு ஒத்துக்கிறீங்க. நான் ஏன் காசு குடுத்து விளம்பரம் பார்க்கணும்?

கிராணி_மகன்

அதுல உங்க பக்கம்தான் நானும். இன்னும் மோசமான கேஸ் இருக்கு. 2014 அமேசிங் ஸ்பைடர்-மேன் 2-ல பேருக்கு நடுவுல எக்ஸ்-மென் படத்தோட ஒரு காட்சி வரும். ஸ்பைடர்-மேனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை, ஸ்டூடியோவே வேற. டைரக்டர் அந்த இன்னொரு ஸ்டூடியோவுக்கு ஒரு படம் பாக்கி வெச்சிருந்தார். அவரை விட்டுக்குடுத்ததுக்குப் பதிலா அந்தத் துண்டு. ஹால்ல பாதிப் பேர் ரெண்டு கதையும் சேரப்போகுதுன்னு நினைச்சு வெளியே வந்தாங்க.

வாக்குக் குடுத்துட்டுக் கைவிடுறதும் உண்டு. 2011 கிரீன் லேன்டர்ன்ல நல்லவன் ஒருத்தன் மஞ்சள் மோதிரம் போட்டு வில்லனா மாறுறதைக் காட்டினாங்க. அடுத்த பாகமே வரலை. 2022 பிளாக் ஆடம்ல ஹென்றி கேவில் சூப்பர்மேனாத் திரும்பி வந்தார். அக்டோபர்ல படம், டிசம்பர்ல அவரே இனி இல்லைன்னு அறிவிச்சுட்டார். ரெண்டு மாசம் தாங்கலை.

அதனால என் அளவுகோல் இது. அடுத்த படத்துக்குத் தேதி அறிவிச்சாச்சுன்னா நடுச் சீனுக்கு உட்காருங்க, அது கதையில சேரும். தேதி இல்லாம வெறும் முகத்தை மட்டும் காட்டினா அது கூட்டம் என்ன சொல்லுதுன்னு பார்க்கிற சோதனை.

மாலதி_சிப்புட்

சீன் இருக்கா இல்லையான்னு கதை தெரியாம முன்னாலயே பார்க்க வழி இருக்கா? கூகுள்ல தேடினா முதல் வரியிலேயே யார் வர்றாங்கன்னு சொல்லிடுறாங்க.

கிராணி_மகன்

aftercredits.com-ல படத்தோட பேரைப் போட்டா, நடுவுல உண்டா, கடைசியில உண்டான்னு முதல்ல சொல்லும். என்ன நடக்குதுங்கிறதைக் கீழே தனியா வெச்சிருப்பாங்க, அதுக்கு இறங்காம நிறுத்திடுங்க. RunPee-ன்னு ஒரு ஆப் இருக்கு. எப்ப எழுந்து போய்ட்டு வந்தா கதை போகாதுன்னு சொல்றதுக்கு வந்தது அது. பேருக்குப் பிறகு சீன் உண்டான்னும் அதுல இருக்கும். டீச்சருக்கு, பிள்ளைங்களோட போனா, உதவும்.

ரீல்_மாமா

ஃபோனைத் தொடாமலும் ஓரளவு சொல்லலாம். பேர் தொடக்கத்துல படம் போட்டு, இசைக்கு ஏத்த மாதிரி வெட்டி வெட்டி வந்தா, அது முடியுற இடத்துல நடுச் சீன் வர வாய்ப்பு அதிகம். ஆரம்பமே கறுப்பு மேல எழுத்து உருண்டா, இருந்தா கடைசியில மட்டும்தான்.

உருள ஆரம்பிச்ச பிறகு கீழே பாருங்க. பாட்டுப் பட்டியல், படம் எடுத்த ஊருக்கு நன்றி, சத்தம் செஞ்ச கம்பெனிச் சின்னங்கள், அப்புறம் பதிப்புரிமை வாசகம். இதெல்லாம் பெரும்பாலும் வால் பகுதி. சின்னங்கள் தெரிஞ்சா இன்னும் ஒரு நிமிஷம்கூட இருக்காது. அங்க வரைக்கும் உட்கார்ந்தவன் எழுந்திரிக்காம இருக்கிறது நல்லது. பாட்டுப் பட்டியலே இன்னும் வரலைன்னா, வேனுக்குப் போறவங்க போகலாம்.

ஒரே ஒரு இடத்துல இந்தக் கணக்கு ஏமாத்தும். எண்ட்கேம்ல கடைசி வரைக்கும் உட்கார்ந்தவங்களுக்குப் படம் எதுவும் வரலை, சுத்தியல் இரும்பு மேல விழுற சத்தம் மட்டும் கேட்டுச்சு. அயர்ன் மேன் முதல் படத்துல குகைக்குள்ள கவசம் அடிச்ச சத்தம். திரையில ஒண்ணும் இல்லாததால, சத்தத்தைக் குறைச்சு வெச்ச ஹால்ல அது பேச்சுக்குள்ள போயிடுச்சு.

செம்பனை_சிவா

அதுவும் அமெரிக்காவுக்கு மட்டுமா?

ரீல்_மாமா

இல்லை தம்பி, அது நமக்கும் வந்துச்சு.

பார்வதி_டீச்சர்

மாமா, இன்னொரு கேள்வி. நடுச் சீன் முடிஞ்சதும் ஆபரேட்டர் படத்தையே நிறுத்திட்டு அடுத்த ஷோவுக்கு விளம்பரம் போட்டா அது தப்பா? கேட்டா "எல்லாரும் போயிட்டாங்க டீச்சர்"ங்கிறாங்க. நாங்க நாலு பேர் உட்கார்ந்திருக்கோம்.

ரீல்_மாமா

தப்புதான். படத்தை முழுசா ஓட்டணும்னுதான் விநியோகஸ்தரோட பேச்சு இருக்கும். மெஷின்ல எந்த ஷோ எத்தனை மணிக்கு நின்னதுன்னு பதிவும் இருக்கும், மறைக்க முடியாது. நாலு பேர் இருந்தாலும் ஒருத்தர் இருந்தாலும் ஓட்டணும். அவங்க "யாரும் இல்லை"ன்னு முடிவு பண்றது பின்னால இருக்கிற சின்னக் கண்ணாடி வழியா, இல்லைன்னா கேமரா வழியா. முன் வரிசையில சாய்ஞ்சு உட்கார்ந்திருந்தா நாற்காலி முதுகு மறைச்சிடும். நடு வரிசைக்கு மேல உட்காருங்க, லைட் பாதி வந்ததும் ஒருத்தர் எழுந்து நின்னு கையைக் காட்டுங்க.